தேவரடியார் முதல் சிறுக்கி வரை: பெண்களைக் குறித்த சொற்கள் வசையான கதை (கேள்வி – பதில்)

"தேவடியா" என்கிற வார்த்தை ஒரு காலத்தில் மரியாதையான வார்த்தை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். தேவர் + அடியார் = தேவரடியார். இறைவனின் அடியார் என்பதே அதன் பொருள். அறுபத்துமூன்று நாயன்மாரையும் நாம் அடியார் என்றுதான் சொல்கிறோம். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் "அடியார்க்கும் அடியேன்" என்று பாடும்போது வருவதும் இதே சொல்தான்.

சோழர் கல்வெட்டுகளில் இந்தப் பெண்கள் பல பெயர்களில் வருகிறார்கள். சிவன் கோயில்களில் தேவரடியார், பெருமாள் கோயில்களில் எம்பெருமானடியார், வேறு சில இடங்களில் பதியிலார், தளிச்சேரிப் பெண்டுகள். தளி என்றால் கோயில். கோயிலை ஒட்டிய தெருவில் வாழ்ந்தவர்கள் என்பதால் அப்படி ஒரு பெயர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் சுமார் 1014-இல் வெட்டுவித்த கல்வெட்டைப் பாருங்கள். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் குடியேற்றிய செய்தி அதில் இருக்கிறது. மொத்தமாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அது நகர்ந்துவிடவில்லை. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, தலைவீடா இரண்டாம் வீடா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், அவர் பெயர் என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும். ஒருவர் இறந்துபோனாலோ வெளியூர் போய்விட்டாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள வேறொருவரை அவர்களே பார்த்து அமர்த்த வேண்டும். இது வேலை, கூலி, வாரிசுரிமை பற்றிய ஆவணம். இகழ்ச்சி இதில் எங்குமே இல்லை.

அப்படியானால் சோழர் காலத்தில் அவர்கள் எல்லாரும் ராணி மாதிரி வாழ்ந்தார்களா?

இல்லை. வசைச்சொல்லுக்குப் பதில் சொல்கிறேன் என்று அந்தக் காலத்தைப் பொற்காலமாக்குபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதுவும் அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்தான்.

தஞ்சைக் கல்வெட்டிலேயே ஆடல் கற்பிக்கும் நட்டுவருக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. பஞ்ச காலத்தில் வயிற்றுக்கு வழியில்லாமல் கோயிலுக்கே தங்களை விற்றுக்கொண்ட குடும்பங்களும் உண்டு. திருப்பாம்புரத்தில் 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் ஒரு வெள்ளாளர் தம்மையும் தம் இரண்டு பெண்மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி வருகிறது. அடிமை என்ற பொருளும் 'அடியார்' என்ற சொல்லுக்குள் இருந்ததுதான்.

இன்னொரு பக்கமும் அதே அளவு உண்மை. தேவரடியார் பலர் தங்கள் சொந்தச் சொத்திலிருந்து கோயிலுக்கு நிலமும் பொன்னும் விளக்கும் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் பெயர் கல்லில் வெட்டப்பட்டது. சோழர் காலக் கோயில் பெண்களின் கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்த லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர், அவர்களை முதலில் கொடையாளர்களாகத்தான் பார்க்க வேண்டும் என்று காட்டினார். ஆட்டமும் பாட்டும் அவர்களுடைய அடையாளமாக முழுமையாக ஆனது பிற்பாடுதான். கொடை கொடுத்து, அதற்கு ஈடாகக் கோயிலில் ஓர் உரிமையையும் நிலையையும் பெற்ற பெண்ணின் பெயர்தான் தேவரடியார்.

சொல்லின் பிற்கால விதி இங்கேதான் கட்டுண்டு இருக்கிறது. கணவன் பெயரைச் சொல்லாமல், தன் பெயரும் ஊரும் கோயிலும் சொல்லி ஒரு பெண் நிற்க முடிந்ததற்குக் காரணம் நிலமும் நெல்லும். அவை போனபோது சொல்லுக்கு அடியில் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று.

எப்போது கெட்ட வார்த்தையானது? வெள்ளைக்காரன் வந்து கெடுத்தானா?

கெடுதல் அவனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார், சுந்தரரின் மனைவியாகிய பரவையாரை உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர் என்று எந்தச் சங்கடமும் இல்லாமல், பெருமையாகவே பாடுகிறார். 18-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் விறலிவிடு தூது நூல்கள் பரவலாகிவிட்டன. அவற்றின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். மனைவியோடு ஊடிக்கொண்டு ஊர் சுற்றும் ஒருவன் தாசி வீட்டில் சிக்குகிறான், தாசியும் அவள் தாயும் அவனிடம் உள்ளதையெல்லாம் பறித்துக்கொண்டு துரத்துகிறார்கள், அவன் மறுபடி மனைவியிடம் தூது விடுகிறான். நாயக்கர் காலத்தில் கோயிலைவிட அரண்மனையும் பாளையக்காரர், மிராசுதார் வீடுகளும் புரவலர்களாகிவிட்டன. கோயில் பங்கில் வாழ்ந்தவள் தனி ஆணின் ஆதரவை நம்ப வேண்டியவளானாள். அந்த ஆண்களின் பார்வையிலிருந்துதான் இந்த இலக்கியம் பேசுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சி செய்தது வேறு காரியம். அதுவரை கேலியாகவும் இகழ்ச்சியாகவும் இருந்ததை அது சட்டமாக எழுதிவிட்டது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373-ஆம் பிரிவுகள், சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. சிறுமியின் கழுத்தில் தாலி கட்டி அவளைக் கோயிலுக்கு உரியவளாக்கும் பொட்டுக்கட்டும் சடங்கு இந்தப் பிரிவுகளின் கீழ் நீதிமன்றத்துக்கு வந்தது. சிறுமிகளுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் வழக்கு நடத்த வேண்டுமானால் கோயில் பணியும் விபசாரமும் ஒன்றே என்று காட்டியாக வேண்டும். அப்படித்தான் ஒரு தொழிலின் பெயர் ஒரு குற்றத்தின் பெயராக ஆவணங்களில் ஏறியது. அக்கால அகராதிகளைத் திறந்தால் கோயில் ஆடல்மகள், விலைமகள் என்ற இரண்டு பொருளும் ஒரே தலைச்சொல்லின் கீழ் இருப்பதைக் காணலாம்.

பிறகு சீர்திருத்தக் காலம். தாமே இந்தச் சமூகத்துத் தாய்க்குப் பிறந்தவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாண சட்டமன்றத்தில் போராடினார். 1929-இல் வந்த திருத்தச் சட்டம் கோயில் சேவைக்காகப் பெண்கள் வைத்திருந்த இனாம் நிலத்தைச் சேவைக் கடமையிலிருந்து விடுவித்தது. 1947-இல் பொட்டுக்கட்டுவதே தடை செய்யப்பட்டது. இந்த வழக்கத்துக்குள்ளிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். சடங்கு ஒழிந்தது நல்லது. சடங்கோடு சேர்ந்து சொல்லும் ஒழியவில்லை. உண்மையான தேவரடியார் யாரும் இல்லாத ஊரில், தாத்தா காலத்தில்கூட ஒருவரைப் பார்த்திராத பிள்ளைகள் வாயில் அது வெறும் வசையாக மிஞ்சியது.

'ர்' எங்கே போயிற்று? எப்படி உச்சரிப்பும் இப்படி மாறியது?

தேவரடியார், தேவடியார், தேவடியாள், தேவடியா. முதல் படியில் நடுவிலிருந்த ஓர் எழுத்து பேச்சில் கரைந்தது. அது இயல்பு. அடுத்த படிதான் கவனிக்க வேண்டியது. '-ஆர்' மரியாதை விகுதி, '-ஆள்' மரியாதை இல்லாதது. "வந்தார்" என்பதற்கும் "வந்தாள்" என்பதற்கும் உள்ள வித்தியாசம். சொல்லின் பொருள் கெட்ட அதே காலத்தில் விகுதியும் இறங்கியது. கடைசியில் 'ள்' கூட விழுந்து, கூப்பிட்டுத் திட்டுவதற்கு வசதியான வடிவம் மட்டும் நின்றது.

மலையாளத்திலும் இதே சொல் 'தேவிடிச்சி' என்று அதே வழியில் போய் அதே இடத்தில் விழுந்தது. எம்பெருமானடியார் என்ற சொல்லோ விழவே இல்லை. அது பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டதால் தப்பித்தது.

தாசன் என்றால் பெருமை, தாசி என்றால் கேவலம். இரண்டும் ஒரே சொல்தானே?

ஒரே சொல்லின் ஆண்பால், பெண்பால் வடிவங்கள்தான். பொருள் தொண்டு செய்பவர். பாரதிதாசன், கண்ணதாசன் என்று கவிஞர்கள் விரும்பிச் சூட்டிக்கொண்டார்கள். ராமதாஸ், காளிதாஸ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். 'தாசி' என்று எந்த வீட்டிலும் பெண்ணுக்குப் பெயர் வைக்க மாட்டார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது கூத்தன், கூத்தி என்ற ஜோடி. கூத்தன் ஆடுபவன், தில்லை நடராசனே கூத்தன். 12-ஆம் நூற்றாண்டுச் சோழ அவைப் புலவர் ஒட்டக்கூத்தர். ஆடும் பெண் கூத்தி. அந்தச் சொல் கூத்தியாள் ஆகி வைப்பாட்டியைக் குறிக்கத் தொடங்கியது. ஆடிய செயல் ஒன்றுதான். ஆண் ஆடினால் அது தெய்வத்தின் பெயராயிற்று, பெண் ஆடினால் அவள் யாருடன் படுக்கிறாள் என்ற கேள்வியாயிற்று.

ஒரே வீட்டுக்குள்ளேயே இந்தப் பிரிவினை நடந்திருக்கிறது. கோயிலில் ஆடிய பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாமனோ பெரும்பாலும் நட்டுவாங்கம் செய்பவராகவோ நாதஸ்வரம், தவில் வாசிப்பவராகவோ இருப்பார். அவர் நட்டுவனார். இன்றும் நடன அரங்கேற்ற அழைப்பிதழில் அந்த '-ஆர்' அப்படியே அச்சாகிறது. அவருடைய கூடப்பிறந்தவளின் தொழிற்பெயரை அச்சிட முடியாது. இரண்டு பேருக்கும் சோறு போட்டது ஒரே கோயில், ஒரே கலை.

அவள் ஆடிய ஆட்டமும் தப்பித்தது. சதிர், தாசியாட்டம் என்ற பழைய பெயர்கள் கழற்றப்பட்டு, 1930-களில் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது. சபா மேடைக்கு வந்தது. ஆட்டத்துக்குப் புதுப் பெயர் தேடிய அக்கறை ஆடியவளின் பெயர் மீது இல்லை. குடும்ப மரபிலிருந்து வந்து உலகப் புகழ் பெற்ற டி. பாலசரசுவதி போன்ற ஒரு சிலர் தங்கள் கலையின் வலிமையால் நிமிர்ந்து நின்றார்கள். மற்றவர்கள் ஊர் மாறினார்கள், பெயர் மாற்றிக்கொண்டார்கள், பிள்ளைகளிடம் பாட்டி யார் என்று சொல்லாமல் இருந்தார்கள்.

கிராமத்தில் "முண்டை", "அறுதலி" என்று திட்டுகிறார்கள். அது எங்கிருந்து வந்தது?

இரண்டும் கணவனை இழந்த பெண்ணைக் குறித்த சொற்கள். முண்டை, தலை மழிக்கப்பட்டவள். அறுதலி, தாலி அறுத்தவள். அவளுக்குச் செய்யப்பட்டதுதான் அவளுடைய பெயரானது. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை.

சங்க காலத்திலும் கைம்மை கொடுமையாகத்தான் இருந்தது. புறநானூறு 246-ஆம் பாட்டு பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. தீப்பாயப் போகும் அவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். கைம்பெண் என்ன சாப்பிட வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும் என்று அவர்களுக்கு அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறாள்: நெய் இல்லாத, நீரில் கிடந்த பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பருக்கைக்கல் மேல் படுக்கை. அப்படி வாழும் பெண்களை அவள் "உயவற் பெண்டிர்" என்கிறாள். வருந்தும் பெண்கள் என்று பொருள். துயரம் அங்கே முழுதாக இருக்கிறது, வசை இல்லை. பெயர் சொன்னால் கேட்பவருக்கு இரக்கம் வர வேண்டும்.

இரக்கத்திலிருந்து இகழ்ச்சிக்கு வந்தது அபசகுனம் என்ற எண்ணத்தின் வழியாக. எதிரே வரக்கூடாது, கல்யாண வீட்டில் முன்னால் நிற்கக்கூடாது என்று விலக்கப்பட்டவளின் பெயரை உச்சரிப்பதே சாபமாகிவிட்டது. கணவன் உயிரோடு இருக்கும் பெண்ணைப் பார்த்து "முண்டை" என்றால் "உன் தாலி அறுந்து போகட்டும்" என்று சபிப்பது. அந்தச் சாபப் பொருளும் மறந்துபோய், வெறும் கோபத்தில் பெற்ற மகளையே தாய் அப்படித் திட்டுவதைக் கேட்கலாம்.

மனைவியை இழந்த ஆணுக்குத் தமிழில் தபுதாரன் என்ற சொல் இருக்கிறது. யாரையாவது அப்படித் திட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

"சிறுக்கி" பாட்டில் எல்லாம் கொஞ்சலாக வருகிறதே, அதுவும் வசையா?

சிறுக்கன், சிறுக்கி இரண்டும் சிறுவன், சிறுமிதான். மலையாளத்தில் 'செறுக்கன்' இன்றும் பையன். கல்யாணத்தில் மாப்பிள்ளையையே அப்படிச் சொல்வார்கள். தமிழில் சிறுக்கி என்பது முதலில் சின்னப்பெண், பிறகு வீட்டு வேலைக்கார இளம்பெண், பிறகு ஏவலுக்கு உட்பட்டவளை அதட்டும் சொல், கடைசியில் நடத்தை கெட்டவள் என்று இறங்கியது. காதலன் வாயில் கொஞ்சலாகவும் மாமியார் வாயில் வசையாகவும் ஒரே நேரத்தில் வாழ்கிற சொல் அது. இறங்கும் வழியில் பாதியில் நிற்கும் சொல் என்பேன்.

ஆண்களைக் குறிக்கும் சொற்களும்தான் கெட்டுப்போகின்றன. 'கிழவன்' என்றால் முன்பு தலைவன் என்கிறார்களே?

நியாயமான கேள்வி. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்றால் உரிமையுடையவர்கள், தலைவனும் தலைவியும். கிழார் என்ற மரியாதைப் பெயர் சேக்கிழாரில் இருக்கிறது. கிழவன் இன்று வயதானவன், அதுவும் கொஞ்சம் இளக்காரமாக. ஆக ஆண்பாலும் இறங்கியது.

ஆனால் இரண்டும் இறங்கிய இடத்தைப் பாருங்கள். கிழவன் வயதில் இறங்கினான், அவ்வளவுதான். கிழத்தி இரண்டாக உடைந்தாள். மனைக்கிழத்தி என்று முன்னொட்டு போட்டால் மனைவி, காமக்கிழத்தி என்றால் வைப்பு. இந்தப் பிளவு தொல்காப்பியத்திலேயே தொடங்கிவிட்டது. ஆண்பாலில் இப்படி ஒரு பிளவு கிடையாது. ஆண்களைத் திட்டும் சொற்களில் முட்டாள், சோம்பேறி, திருடன், கோழை எல்லாம் இருக்கும். பெண்களைக் குறித்த சொல் கெடும்போது மட்டும் மறுபடி மறுபடி படுக்கையறையில் போய் முடிகிறது. ஆணை மிகக் கடுமையாகத் திட்ட நினைப்பவன்கூட "தேவடியா மகனே" என்று அவன் அம்மாவைத்தான் இழுக்கிறான்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள வியாதியா?

இல்லை. தெலுங்கில் 'முண்ட' அப்படியே நம் முண்டைதான். இந்தியில் 'ராண்ட்' என்றால் விதவை, விலைமகள் என்று இரண்டும். ஆங்கிலத்தில் 'ஹஸி' என்ற வசை, குடும்பத்தலைவியைக் குறிக்கும் 'ஹவுஸ்வைஃப்' என்ற சொல்லின் தேய்ந்த வடிவம்.

பழைய நூலிலோ கல்வெட்டிலோ இப்படி ஒரு சொல் வந்தால், அங்கே அது வசையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விகுதியை முதலில் பாருங்கள். திருவாரூர்க் கோயில் விமானத்துக்குப் பொன் வேய்ந்த பரவை நங்கையை முதலாம் ராஜேந்திரனின் கல்வெட்டு "அணுக்கியார்" என்கிறது. அரசனுக்கு அணுக்கமானவர் என்று பொருள். மன்னரும் அவரும் சேர்ந்து நின்ற இடத்தில் ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதையும் அது பதிவு செய்கிறது. இதைப் படித்துவிட்டு 'ராஜாவின் வைப்பாட்டி' என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கல்வெட்டில் '-யார்' இருக்கிறது, பொன் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. வைப்பாட்டி என்ற இகழ்ச்சி நம் காலத்துக் கைச்சரக்கு.

அடுத்து, அந்தச் சொல்லை யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று பாருங்கள். தேவரடியார் ஒருவர் நிலம் கொடுத்து, தன்னைத் தேவரடியார் என்றே கல்லில் எழுதச் செய்கிறார் என்றால் அது வசையாக இருக்க முடியாது. தன்னைத்தானே வசைச்சொல்லால் குறித்துக்கொண்டு யாரும் கொடை கொடுக்க மாட்டார்கள். பெண்கள் தங்களைக் குறித்து அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது நின்று, பிறர் மட்டுமே பயன்படுத்தும் காலம் வந்ததும் சொல் கைமாறிவிட்டது என்று அறியலாம்.

மூன்றாவதாக, பக்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். நெல், கலம், பங்கு, வீடு, முறை என்று வந்தால் அது பணிப்பெயர். மயக்கினாள், பறித்தாள், பொருள் தீர்ந்ததும் துரத்தினாள் என்று வந்தால் அது ஆணின் புலம்பல்.

பிள்ளைகளுக்குக் கோயில் வரலாறு சொல்லும்போது இந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? வகுப்பில் சிரிக்கிறார்கள்.

"தேவரடியார்" என்று முழுதாகச் சொல்லுங்கள், 'ர்' இரண்டும் காதில் விழும்படி. 'தேவதாசி' என்று வடமொழி வடிவத்துக்கு ஓடுவதால் பயன் இல்லை, அதுவும் கறைபட்டுவிட்டது. சோழர் கல்வெட்டில் இருக்கும் சொல்லைத்தான் சொல்கிறேன் என்ற உறுதி சொல்பவருக்கு இருந்தால் சிரிப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

பெரிய கோயிலுக்குச் சுற்றுலா கூட்டிப் போகிறீர்கள் என்றால் அந்தக் கல்வெட்டு முன்னால் நிறுத்துங்கள். எழுத்து இன்றைய தமிழ் எழுத்துக்கு அவ்வளவு தூரமில்லை, கொஞ்சம் பழகினால் சில எழுத்துகளைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் திரும்பத் திரும்ப வரும் 'நக்கன்' என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். நக்கன் சிவபெருமானின் பெயர். தகப்பன் பெயரோ கணவன் பெயரோ வர வேண்டிய இடத்தில் அந்தப் பெண்களுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. அதன் பிறகு வீட்டு எண்ணையும் பங்கையும் படித்துக் காட்டுங்கள். 400 பேர் என்று சொல்வதற்கும், தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீட்டில் இருந்தவர் என்று ஒருவரைப் பெயரோடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.